சிவப்பணுவின் பருமன் சொல்லும் துப்பு

இரத்தசோகை என்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அடையாளமே. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பது போல இதற்கும் உண்டு. காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? மருத்துவ மாணவர்களுக்குத் தரப்படும் புதிர் ஒன்றைப் போல, நாமும் ஒரு கற்பனை நோயாளியைப் பார்ப்போம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தானியக் கடை ஒன்றில் புடைத்துச் சலிக்கும் வேலை செய்யும் பெண். வயது 26, ஏழு மாதக் கர்ப்பிணி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாக்கு சிவந்து எரிகிறது. ஒரு மாதமாக இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் பயனில்லை. அவருடைய இரத்த அறிக்கை இது: ஹீமோகுளோபின் 7.3 கிராம் (கர்ப்பிணிக்கு 11 கிராமாவது இருக்க வேண்டும்). ஒரு கன மில்லிமீட்டரில் சிவப்பணுக்கள் 20 லட்சம். இரத்தத்தின் கன அளவில் அணுக்களின் பங்கு 22 சதவீதம்.

வினா 1: ஓர் அணுவின் சராசரிப் பருமன் என்ன?

ஒரு கன மில்லிமீட்டர் என்பது 100 கோடி கன மைக்ரான். அதில் 22 சதவீதம், அதாவது 22 கோடி கன மைக்ரான், அணுக்கள் அடைத்துக்கொண்ட இடம். அதை 20 லட்சம் அணுக்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 110 கிடைக்கும். இயல்பான அளவு 80 முதல் 100 வரை. ஆகவே அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் பெருத்திருக்கிறது!

வினா 2: இது இரும்புக் குறைவா?

அன்று. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாது. அணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். இங்கே நேர் மாறான நிலை. எலும்பு மச்சையில் அணு பிளவுபட வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் தேவை. அவை குறைந்தால் பிளவு தாமதப்படும். அணுவின் உடலோ வளர்ந்துகொண்டே போகும். பெரிய அணுக்கள், ஆனால் சில அணுக்கள் என்பது இதன் விளைவு. கல்லீரல் நோயிலும் அணு பெருக்கலாம். ஆனால் உருப்பெருக்கியில் வெள்ளணுக்களின் உட்கரு ஐந்தாறு மடல்களாகப் பிரிந்து தெரிந்தால், இவ்விரண்டில் ஒன்றே குறைவு என்று ஐயுறலாம்.

இதே புதிரை 1928-இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் சந்தித்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளிடம் பெரிய அணுக்களைக் கொண்ட கடும் சோகை காணப்பட்டது. உணவே காரணம் என்று அவர் கருதினார். 1929-இல் நம் நீலகிரியின் குன்னூரிலும் ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்பட்ட மார்மைட் என்னும் மலிவான சாரம் அந்தப் பெண்களைக் குணப்படுத்தியதை 1931-இல் வெளியிட்டார். வேறொரு சோகையைத் தீர்த்துவந்த, நன்கு தூய்மைப்படுத்திய ஈரல் சாரமோ இங்கே பயன்படவில்லை என்று பின்னர் அவர் கண்டார். ஆகவே குறைந்திருப்பது இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்பது விளங்கியது. ஈஸ்ட்டில் இருந்ததே ஃபோலிக் அமிலம். ஈரல் சாரத்தில் இருந்தது பி12.

வினா 3: நம் நோயாளிக்கு எது குறைவு?

உடலில் ஃபோலிக் அமிலச் சேமிப்பு சில மாதங்களுக்கே வரும். கர்ப்பத்தில் அதன் தேவையும் கூடும். கீரையை நெடுநேரம் வேகவைத்தால் அதிலுள்ளதும் அழியும். பி12 சேமிப்போ சில ஆண்டுகள் தாங்கும். எனவே ஃபோலிக் அமிலத்தையே முதலில் ஐயுறலாம். ஆனால் உடனே அந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிடுவது ஆபத்து. உண்மையில் பி12 குறைவாக இருந்தால், ஃபோலிக் அமிலம் இரத்தத்தைத் தேற்றிக் காட்டும். நரம்புகளோ மறைவாகச் சிதைந்துகொண்டே போகும். பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை அறவே உண்ணாதவரா, பாதங்கள் மரத்துப் போகின்றனவா என்று கேட்க வேண்டும். இல்லை என்றாலும் இரண்டையும் இரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டும்.

வினா 4: பருமன் இயல்பாக இருந்தால் குறைவு இல்லை எனலாமா?

இன்னொரு பெண்ணுக்கும் ஹீமோகுளோபின் குறைவு. அணுக்களின் பங்கு அதே 22 சதவீதம். எண்ணிக்கை 25 லட்சம். வகுத்தால் 88, இயல்பான அளவு! ஆனால் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தபோது வெளிறிய சிற்றணுக்களும் பேரணுக்களும் கலந்திருந்தன. இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே குறைந்திருக்கின்றன. சிறியதும் பெரியதும் சேர்ந்து சராசரியை நடுவில் நிறுத்திவிட்டன. அதனால்தான் எண்ணைப் படித்த பிறகும் மருத்துவர் உருப்பெருக்கியைத் தேடிப் போகிறார்.