வலி குறைகிறதா, கூடுகிறதா?

2009 மார்ச் 16. கனடாவில் மோன் திரம்பிளான் பனிச்சறுக்கு மலை. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவில் ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் விழுந்தார். காயம் எதுவும் தெரியவில்லை. எழுந்து வேடிக்கையாகப் பேசினார். வந்த ஆம்புலன்ஸும் திரும்பிப் போய்விட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தலை வலிப்பதாகச் சொன்னார். இரண்டே நாளில் நியூயார்க்கில் உயிர் பிரிந்தது. வயது 45.

மண்டையோட்டுக்கும் மூளையைப் போர்த்திய உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்து தேங்கியதுதான் காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. நெற்றிப்பொட்டில் எலும்பு மெலிசு. அதன் உட்புறம் ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அது கிழிந்தால் இப்படிக் கசிவு ஏற்படும். ரத்தம் சேர்ந்து மூளையை நெருக்கும்வரை ஆள் தெளிவாகவே இருப்பார். இந்தத் தெளிவான இடைவேளைதான் வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது. நேரத்தோடு சிடி ஸ்கேன் எடுத்து அறுவை செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடலாம்.

இதைப் படித்துவிட்டு, அலமாரிக் கதவில் இடித்துக்கொண்ட யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இத்தகைய ரத்தக்கசிவு அபூர்வம். சாதாரண இடிக்குப் பிறகு மந்தமான வலி, லேசான கிறுகிறுப்பு, அசதி வருவது இயல்பு. பாராசிட்டமால் போட்டால் வலி அடங்கும். நாளுக்கு நாள் குறைந்து, பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்துக்குள் விலகிவிடும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் என்பதால் முதல் ஓரிரு நாள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. அடிபட்டவரைத் தூங்கவே விடக்கூடாது என்பார்கள். நன்றாகப் பேசி, நடந்து, சாப்பிடுகிறவர் தூங்கலாம். ஆனால் முதல் 24 மணி நேரம் கூடவே ஒருவர் இருக்க வேண்டும்.

அந்த ஒருவர் கவனிக்க வேண்டியது வலியின் போக்கை. மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகிறதா? திரும்பத் திரும்ப வாந்தி வருகிறதா? பேச்சு குழறுகிறதா, ஆளை அடையாளம் தெரியவில்லையா, எழுப்பினாலும் எழாத அளவுக்கு அசருகிறாரா? வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுவது ஆகியவையும் அபாயமே. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வயதானவர்கள் விஷயம் வேறு. மூளை சற்றே சுருங்கியிருப்பதால், மண்டையோட்டை ஒட்டிய சிரைகள் சின்ன இடியிலேயே அறுந்து, ரத்தம் மெதுவாகச் சேரும். தலைவலியும் நடைத் தடுமாற்றமும் குழப்பமும் வாரங்கள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். அதற்குள் குளியலறையில் இடித்துக்கொண்டதே மறந்துபோயிருக்கும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிற பாட்டியோ தாத்தாவோ தலையில் இடித்துக்கொண்டால், வலியே இல்லை என்று அவர்கள் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்; மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.