பன்னிரண்டு அட்டையும் ஒரு சணல் வளையமும்

வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட வருபவர் தரைக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி கேட்பார். சுவரோரம் ஓடும் ஸ்கர்ட்டிங்குக்கு ரன்னிங் அடி. அறை ஒன்றுதான், ஆனால் தரையை நிரப்புவது ஒரு வேலை, ஓரமாகச் சுற்றி வருவது வேறு வேலை என்பதில் அவருக்குக் குழப்பமே வருவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிறது. l × b, 2(l + b) இரண்டையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, தேர்வில் எது எதற்கு என்று தடுமாறும். சூத்திரத்தை இன்னும் பத்து முறை எழுதவைத்தால் இந்தத் தடுமாற்றம் போகாது. நிரப்புவதையும் சுற்றுவதையும் அந்தக் கை தனித்தனியே செய்து பார்த்திருக்க வேண்டும்.

கெட்டி அட்டையில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரங்கள் பன்னிரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தையல் நூல் இழுத்தால் நீளும், அதனால் மெல்லிய சணலாக எடுங்கள். முடிச்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, சுற்றி அளந்தால் சரியாக 70 செ.மீ. வரும்படி ஒரு வளையம் கட்டுங்கள்.

முதலில் அட்டைகளை வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, இடைவெளி இல்லாமல் அடுக்கச் சொல்லுங்கள். சணல் வளையத்தை வெளி விளிம்பை ஒட்டிச் சுற்றினால் கச்சிதமாகப் பொருந்தும். இப்போது அதே பன்னிரண்டையும் ஆறு ஆறாக இரண்டு வரிசையாக்குங்கள். சுற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: “வளையம் பத்துமா?” பெரும்பாலான பிள்ளைகள் பத்தும் என்பார்கள். அட்டை கூடவில்லை, குறையவில்லை, அப்புறம் சணல் மட்டும் எப்படிப் பத்தாமல் போகும்? சுற்றிப் பார்த்தால் 10 செ.மீ. குறையும். ஒரே வரிசையில் பன்னிரண்டையும் நீட்டி வைத்தால் குறைவது 60 செ.மீ. இந்த இடத்தில் ஆசிரியர் விளக்கம் சொல்ல அவசரப்படக் கூடாது. பத்தாத சணலைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளை கொஞ்ச நேரம் யோசிக்கட்டும்.

அடுத்து இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வளையத்தை மாற்றாமல், அதற்குள் பொருந்தும் வேறு செவ்வகங்களைத் தேடச் சொல்லுங்கள். இரண்டு வரிசையில் ஐந்தைந்து வைத்தால் பத்து அட்டைதான் கொள்ளும். ஒரே வரிசை என்றால் ஆறுதான், மீதி ஆறு கையிலேயே நின்றுவிடும். வேலி அதேதான், உள்ளே நிலம் பாதியாகிவிட்டது.

பெரியவர்களும் இங்கே சறுக்கியிருக்கிறார்கள். சுற்றளவு அதிகமாகவும் பரப்பு குறைவாகவும் உள்ள நிலத்தைப் பங்காளிகளுக்குக் கொடுத்து ஏமாற்றியவர்களைப் பற்றி, யூக்ளிடுக்கு உரை எழுதிய ஐந்தாம் நூற்றாண்டு கிரேக்க அறிஞர் புரோக்ளஸ் குறிப்பிடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்த படி இனிமேல்தான். நான்குக்கு மூன்று அடுக்கிலிருந்து மூலை அட்டை ஒன்றை எடுத்துவிடுங்கள். பள்ளத்துக்குள்ளும் மடித்துச் சுற்றினால் சணல் பழையபடியே பொருந்தும். வெளியே தெரிந்த இரண்டு விளிம்புகள் போயின, உள்ளே மறைந்திருந்த இரண்டு வெளிப்பட்டன. அந்த அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு, நீளப் பக்கத்தின் நடுவிலிருந்து ஒன்றை எடுங்கள். இம்முறை ஒரு விளிம்பு போய் மூன்று வருகிறது. பரப்பு குறைந்தும் சணல் 10 செ.மீ. பத்தாமல் போகிறது. ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்ற எண்ணம் இதோடு விழுந்துவிடும்.

ஒரு தவறை மட்டும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். நான்குக்கு மூன்று அடுக்கின் சுற்றளவை எண்ணச் சொன்னால் சில பிள்ளைகள் 14 என்பதற்குப் பதில் 10 என்பார்கள். அவர்கள் விளிம்பை எண்ணவில்லை, ஓரத்து அட்டைகளை எண்ணுகிறார்கள். மூலை அட்டைக்கு வெளியே இரண்டு விளிம்பு உண்டு, அது ஒன்றாகிவிடுகிறது. விரலை அட்டை மேல் வைக்காமல், சணல் ஓடும் கோட்டின் மேல் நகர்த்தி எண்ணவைத்தால் 14 வரும்.

நான்குக்கு நான்கு சதுரத்தை வைத்து மட்டும் பாடத்தைத் தொடங்காதீர்கள். அட்டையும் 16, சுற்றிலும் விளிம்பும் 16. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். அதைக் கடைசிக்கு வையுங்கள். இன்னும் நான்கு அட்டை வெட்டி அடுக்கிவிட்டு, “இரண்டும் 16 வருகிறதே, அப்படியானால் ஒன்றுதானா?” என்று கேளுங்கள். பிள்ளை அளவுகோலை எடுக்கட்டும். சணல் 80 செ.மீ. வேண்டும். ஓர் அட்டை 25 சதுர செ.மீ., பதினாறும் சேர்ந்து 400 சதுர செ.மீ.