நஷ்டம் இருக்கு... ஆனா வழக்கு நிற்காது! வழக்கறிஞர் தேர்வில் குழப்பும் லத்தீன் முதுமொழிகள்: தஞ்சாவூர் ராணி வழக்குக்கு எந்த ஆப்ஷன் சரி?

சட்டப் படிப்பை முடித்து வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள், தொடர்ந்து தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். மொத்தம் 100 கேள்விகள். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் வகை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. வினாத்தாளைத் தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் எதுவும் இல்லாத சட்டப் புத்தகத்தைத் தேர்வு அறைக்குள் கொண்டு போகவும் அனுமதி உண்டு.

ஆனால், ஒரு வகைக் கேள்விக்கு அந்தப் புத்தகம் பெரிதாக உதவாது. நான்கைந்து வரியில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி, 'இதற்குப் பொருந்தும் சட்ட முதுமொழி எது?' என்று கேட்பார்கள். கீழே நான்கு லத்தீன் வாசகங்கள் இருக்கும். அதிலும் இரண்டு வாசகங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இங்கதான் பலரும் மார்க்கை விடுறாங்க.

அந்த இரட்டையரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? டெல்டா வயல்களில் நடக்கக்கூடிய சில சூழ்நிலைகளையும், சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட தஞ்சாவூர் அரண்மனை வழக்கையும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அர்த்தம் என்ன?

ஒன்று, 'டாம்னம் சைனே இஞ்சூரியா'. மற்றொன்று, 'இஞ்சூரியா சைனே டாம்னோ'. இதில் 'டாம்னம்' என்றால் நஷ்டம். 'சைனே' என்றால் இல்லாமல். 'இஞ்சூரியா' என்றால் சட்டம் கொடுத்திருக்கும் ஓர் உரிமையை மீறுவது.

குழப்பம் தொடங்குவதே இந்தக் கடைசிச் சொல்லில்தான். 'இஞ்சுரி' என்ற ஆங்கிலச் சொல் நமக்குப் பழக்கம் என்பதால், இஞ்சூரியா என்றதும் காயம், அடி, சேதம் என்று மனம் போய்விடுகிறது. லத்தீனில் அதற்கு அந்தப் பொருள் இல்லை. ஒருவருக்குக் கீறல்கூட விழாமல் 'இஞ்சூரியா' நடக்கலாம்.

ஆக, முதல் வாசகம் சொல்வது: நஷ்டம் வந்தது, ஆனால் உரிமை மீறப்படவில்லை, வழக்கு நிற்காது. இரண்டாவது சொல்வது: உரிமை மீறப்பட்டது, நஷ்டம் எதுவும் இல்லை, இருந்தாலும் வழக்கு நிற்கும்.

சூழ்நிலை 1: பக்கத்து வயலில் போர்

குறுவை சாகுபடி நேரம். ஒரு விவசாயி தன் நிலத்தில் ஆழமாக போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார். சில வாரங்களில் பக்கத்து வயல்காரரின் போர் வறண்டு, நடவு செய்த பயிர் கருகிப் போகிறது. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்கு போடுகிறார். எந்த முதுமொழி பொருந்தும்?

விடை: டாம்னம் சைனே இஞ்சூரியா.

கருகின பயிரைப் பார்த்தால் மனசு கேட்காதுதான். ஆனால் கேள்வி கேட்பது நஷ்டத்தின் அளவை இல்லை. மண்ணுக்குள் திட்டமான கால்வாய் ஏதும் இல்லாமல் ஊறி வரும் நீரைத் தன் நிலத்தின் எல்லைக்குள் எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை என்று 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவில் உள்ள எடுத்துக்காட்டு சொல்கிறது. தன் உரிமையைத்தான் அவர் பயன்படுத்தினார். பக்கத்து வயல்காரரின் உரிமை எதுவும் மீறப்படவில்லை.

இங்கே ஒரு வரம்பு உண்டு. போர் போட முன் அனுமதி கட்டாயம் என்று ஒரு சட்டம் இருந்து, அனுமதி இல்லாமல் போட்டதாகக் கேள்வியில் ஒரு வரி சேர்த்தால் நிலைமை வேறு. அதனால்தான் சூழ்நிலையின் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

இதே விடைக்கான பழைய வழக்கு 1410-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் நடந்தது. ஒரு பள்ளிக்கு எதிராக இன்னொருவர் பள்ளி தொடங்க, பழைய ஆசிரியர் 40 பென்ஸ் கட்டணத்தை 12 பென்ஸாகக் குறைக்க வேண்டி வந்தது. நஷ்டஈடு கிடைக்கவில்லை. நம்ம ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் ரைஸ் மில்லுக்கு எதிரே இன்னொருவர் புது மில் திறந்து, அரவைக் கூலியைக் குறைத்தால் என்ன நடக்குமோ, அதேதான் இது.

சூழ்நிலை 2: அறுத்த வயலில் அறுவடை மெஷின்

இப்போது சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடக்கிறது. உரிமையாளரிடம் கேட்காமலேயே ஒருவர் தன் அறுவடை மெஷினை அந்த வயல் வழியாக ஓட்டிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகிறார். பயிர் இல்லை, வரப்பும் உடையவில்லை. ஒரு ரூபாய் நஷ்டம்கூட கிடையாது. வழக்கு போட முடியுமா?

முடியும். விடை: இஞ்சூரியா சைனே டாம்னோ. அடுத்தவர் நிலத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே அத்துமீறல். அதற்கு நஷ்டத்தை நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. நஷ்டஈட்டுத் தொகை பெயரளவுக்கு இருக்கலாம்; ஆனால் உரிமை மீறப்பட்டதை நீதிமன்றம் ஏற்கும்.

இதற்குப் பாடப்புத்தகங்கள் சொல்லும் வழக்கு, 1703-ன் ஆஷ்பி எதிர் ஒயிட். வாக்களிக்கத் தகுதியுள்ள ஒருவரைத் தேர்தல் அதிகாரி ஓட்டுப் போட விடவில்லை. அவர் ஆதரித்த வேட்பாளர் எப்படியோ ஜெயித்துவிட்டார். 'அப்புறம் என்ன நஷ்டம்?' என்ற வாதம் கடைசியில் எடுபடவில்லை. ஓட்டுரிமை பறிபோனதே போதும் என்று முடிவானது.

இதே சூழ்நிலையில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள். 'வயல் உரிமையாளர், தாராளமா ஓட்டிட்டுப் போங்க என்று முன்பே சொல்லியிருந்தார்.' உடனே விடை மாறிவிடும். தானே சம்மதித்த ஒன்றுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்ற 'வொலென்டி நான் ஃபிட் இஞ்சூரியா' வந்துவிடும். நான்கு ஆப்ஷன்களில் இதுவும் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சூழ்நிலை 3: தஞ்சாவூர் அரண்மனை வழக்கு

இப்போது உண்மையில் நடந்தது. தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு முடிவுக்கு வந்துவிட்டது என்று அறிவித்த கிழக்கிந்திய கம்பெனி, 1856-ல் அரண்மனைச் சொத்துகளைக் கைப்பற்றியது. அரசாங்கச் சொத்து மட்டும் இல்லை. மன்னரின் தனிப்பட்ட சொத்துகளும் அதில் போயின.

மன்னரின் மனைவி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. தனிச் சொத்து குடும்பத்துக்குத்தான் சேர வேண்டும் என்று மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போட்டார். அங்கே தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. கம்பெனி தரப்பு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859-ல் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

காரணம்தான் முக்கியம். ஓர் இறையாண்மை அதிகாரம் இன்னொரு அரசின் மீது எடுக்கும் நடவடிக்கை 'அரசுச் செயல்'. அது நியாயமா, அநியாயமா என்று சாதாரண நீதிமன்றம் ஆராய முடியாது. தவறே நடந்திருந்தாலும் அதற்கு நீதிமன்றத்தால் பரிகாரம் தர முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். பிறகு 1862-ல் தனிச் சொத்துகள் குடும்பத்துக்குத் திரும்பின. அதுவும் அரசாங்கத்தின் சலுகையாகத்தான்; தீர்ப்பால் இல்லை.

இதைத் தேர்வுக் கேள்வியாக மாற்றினால் எந்த முதுமொழி?

சொத்து போனது, வழக்கும் தோற்றது. அப்படியானால் டாம்னம் சைனே இஞ்சூரியா என்று டிக் அடிக்கத் தோன்றும். அது தவறு. போர் வழக்கில் 'உரிமை மீறப்படவில்லை' என்பது முடிவு. தஞ்சாவூர் வழக்கில் நீதிமன்றம் அப்படிச் சொல்லவே இல்லை. மீறப்பட்டதா என்று பார்க்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றுதான் சொன்னது. இரண்டிலும் வழக்கு தோற்கிறது. தோற்ற காரணம் வேறு.

'உரிமை இருந்தால் பரிகாரமும் உண்டு' என்று ஒரு முதுமொழி இருக்கிறது. லத்தீனில் 'உபி ஜுஸ் இபி ரெமீடியம்'. தஞ்சாவூர் வழக்கு அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆகவே கேள்வி 'இது எந்த முதுமொழிக்கு விதிவிலக்கு?' என்று கேட்டால் விடை அதுதான். 'எந்த அடிப்படையில் வழக்கு தோற்றது?' என்று கேட்டால் விடை, அரசுச் செயல். சூழ்நிலை ஒன்றுதான். கேள்வியின் கடைசி வரிதான் விடையை மாற்றுகிறது.

ஆண்டையும் கவனிக்கணும். இன்று ஓர் அரசு அதிகாரி, எந்தச் சட்டமும் இல்லாமல் டெல்டா விவசாயியின் நிலத்தை எடுத்துக்கொண்டால் அரசுச் செயல் என்ற வாதம் செல்லாது. சொந்தக் குடிமக்கள் மீது அரசு அதைப் பயன்படுத்த முடியாது. சட்டத்தின் வழியாக அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300-ஏ பிரிவும் சொல்கிறது. அந்தச் சூழ்நிலையில் உபி ஜுஸ் இபி ரெமீடியம் அப்படியே பொருந்தும்.

அப்போ எந்த வரிசையில் யோசிப்பது?

ஆப்ஷன்களைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

முதல் கேள்வி: வழக்கு போட்டவரின் சட்ட உரிமை மீறப்பட்டதா? இல்லை, ஆனால் நஷ்டம் உண்டு என்றால் டாம்னம் சைனே இஞ்சூரியா.

மீறப்பட்டது என்றால் இரண்டாவது கேள்வி: அவர் முன்பே சம்மதித்தாரா? ஆம் என்றால் வொலென்டி.

சம்மதம் இல்லை என்றால் மூன்றாவது கேள்வி: நஷ்டம் உண்டா? இல்லை என்றால் இஞ்சூரியா சைனே டாம்னோ. நஷ்டமும் உண்டு என்றால் இந்த இரட்டையர் இருவரையும் அடித்துவிட்டு, பரிகாரம் பற்றிக் கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

நஷ்டத்தை முதல் கேள்வியாக வைத்தால் சிக்கல். பயிர் கருகியது, சொத்து போனது என்ற சொற்களே கண்ணை இழுத்துவிடும். தேர்வுத்தாள் தயாரிப்பவர் அந்தச் சொற்களை வேண்டுமென்றே முன்னால் வைத்திருப்பார். 'தன் நிலத்தில்', 'கேட்காமலேயே' போன்ற சின்னச் சொற்களில்தான் விடை இருக்கும்.