ஆபீஸ் போர்டு நம்பருக்கு ஒரே தட்டலில் எக்ஸ்டென்ஷன் வரை போவது எப்படி? கான்டாக்டில் சேமிக்கும் சரியான முறை

ஏரலில் இருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மாவட்ட அலுவலகங்கள், துறைமுகம் சார்ந்த கம்பெனிகள், பெரிய மருத்துவமனைகள் என்று எல்லாமே அங்கேதான். ‘நம்ம ஃபைல் நகர்ந்துச்சா?’ என்று கேட்க ஒரு போன் போதும். அது சரியான மேசைக்குப் போகாவிட்டால் பஸ் ஏறி ஒரு நாளைச் செலவழிக்க வேண்டும்.

பெரும்பாலும் போன் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். அலுவலகத்தின் பொது எண், அதாவது பலரும் ‘போர்டு நம்பர்’ என்று சொல்வது, கிடைத்துவிடும். “எக்ஸ்டென்ஷன் எண் தெரிந்தால் அழுத்தவும்” என்று குரல் சொல்லும்போது, அந்த எண் எழுதிய சீட்டைத் தேடிக்கொண்டிருப்போம். அதற்குள் நேரம் முடிந்து மெனு முதலிலிருந்து தொடங்கிவிடும், இல்லையென்றால் லைன் கட் ஆகிவிடும். எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து ஒரே கான்டாக்டாகச் சேமிக்கும் வசதி எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. அதற்கு இரண்டு குறிகள் தெரிந்தால் போதும்.

‘/02’ என்பது எக்ஸ்டென்ஷன் அல்ல

முதலில், சீட்டிலோ லெட்டர்ஹெட்டிலோ இருக்கும் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் 0461 2000000 என்ற கற்பனை எண்ணை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 0461 என்பது தூத்துக்குடியின் எஸ்டிடி கோடு.

‘2000000/01/02’ என்று அச்சிட்டிருந்தால், அந்த அலுவலகத்துக்கு மூன்று தனி லைன்கள் இருக்கின்றன என்று பொருள். கடைசி இலக்கங்களை மாற்றி 2000001, 2000002 என்றும் அழைக்கலாம். ‘2000000 எக்ஸ்டென்ஷன் 214’ என்று இருந்தால் கதை வேறு. வெளியுலகுக்கு லைன் ஒன்றுதான். 214 என்பது அலுவலகத்துக்குள் இருக்கும் இபிஏபிஎக்ஸ் என்ற சின்ன எக்ஸ்சேஞ்சுக்கு மட்டும் தெரிந்த எண். சில அலுவலகங்கள் இதையே ‘இன்டர்காம்’ என்று போடும்.

அதனால்தான் 04612000000214 என்று சேர்த்து எழுதிச் சேமித்தால் வேலைக்கு ஆகாது. வெளி நெட்வொர்க்குக்கு 214 யாரென்றே தெரியாது. அலுவலகத்து மெஷின் போனை எடுத்த பிறகுதான் அந்த மூன்று இலக்கங்களும் அதன் காதில் விழ வேண்டும். அதுவரை அவற்றைப் பிடித்து வைப்பதுதான் பாஸ், வெயிட் என்ற இரண்டு குறிகளின் வேலை.

காற்புள்ளி என்றால் பாஸ், அரைப்புள்ளி என்றால் வெயிட்

எண்ணில் `,` போட்டால் அது பாஸ். போன் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, அடுத்துள்ள இலக்கங்களைத் தானாகவே அனுப்பும். எண்ணில் `;` போட்டால் அது வெயிட். நீங்கள் சம்மதம் சொல்லும் வரை போன் காத்திருக்கும். ஆண்ட்ராய்டில், இந்த டோன்களை அனுப்பட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். ஐபோனில் மீதி இலக்கங்கள் ஒரு பட்டனாகத் தெரியும். குரல் சொல்லி முடித்ததும் தட்டினால் போதும்.

பாஸ் நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். மணி அடிக்கும் நேரம் கணக்கில் வராது. எதிர்முனை எடுத்த நொடியில் இருந்துதான் எண்ணிக்கை. இரண்டு ரிங்கில் எடுத்தாலும் எட்டு ரிங்கில் எடுத்தாலும் அதே காற்புள்ளிகள் போதும். ‘ரொம்ப நேரம் அடிக்குதே, இன்னும் ரெண்டு பாஸ் போடுவோம்’ என்று சேர்க்கத் தேவையில்லை.

அனுப்பப்படும் ஒவ்வொரு இலக்கமும் இரண்டு ஒலி அலைகள் கலந்த ஒரு ‘பீப்’. 1 என்ற எண்ணுக்கு 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். அலுவலகத்து மெஷின் இந்தச் சோடியைக் கேட்டுத்தான் எது அழுத்தப்பட்டது என்று புரிந்துகொள்கிறது. நம் குரல் அதற்குத் தேவையில்லை, பீப் மட்டும் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

போனில் இவற்றை எங்கே தேடுவது?

ஆண்ட்ராய்டில் டயல் பேடைத் திறந்து போர்டு நம்பரை அடியுங்கள். மூன்று புள்ளி மெனுவைத் தட்டினால் `Add 2-sec pause`, `Add wait` என்ற இரண்டும் வரும். சில கம்பெனி போன்களில் வார்த்தை சற்று மாறியிருக்கும். வேண்டியதைச் சேர்த்து, எக்ஸ்டென்ஷனையும் அடித்து, அங்கிருந்தே புதிய கான்டாக்டாகச் சேமித்துவிடலாம்.

ஐபோனில் கான்டாக்டைத் திருத்தும்போது வரும் எண் பலகையில் `+*#` என்ற பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் `pause`, `wait` வரும். டயல் பேடிலேயே `*` பட்டனை அழுத்திப் பிடித்தால் காற்புள்ளியும், `#` பட்டனை அழுத்திப் பிடித்தால் அரைப்புள்ளியும் விழும்.

பழைய பட்டன் போன்கள் பலவற்றில் `*` பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் `p`, `w` என்ற எழுத்துகள் வரும். முதலாவது பாஸ், இரண்டாவது வெயிட்.

சேமிக்கும் இடம் போன் மெமரியாகவோ கூகுள், ஆப்பிள் கணக்காகவோ இருக்கட்டும். சிம் கார்டு வேண்டாம். சிம்மில் ஒரு எண்ணுக்குப் பொதுவாக 20 இலக்கங்களுக்குத்தான் இடம். நீளமான எண் வெட்டுப்படலாம், வெயிட் குறி காணாமல் போகலாம்.

ஒரு கணக்கு: எத்தனை காற்புள்ளி?

நம் கற்பனை அலுவலகத்தில் மெஷின் எடுத்ததும், “வணக்கம், தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்” என்று 5 விநாடி பேசுகிறது. 1 அழுத்தியதும், “எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தவும், ஆபரேட்டருக்கு எண் ஒன்பதை அழுத்தவும்” என்று 7 விநாடி. நாம் போக வேண்டியது 214.

முதலில் ஒரு தடவை கையாலேயே அழைத்து, இந்த இரண்டு அறிவிப்புகளும் எத்தனை விநாடி என்று இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஒரு காற்புள்ளிக்கு 2 விநாடி என்றால், 5 விநாடிக்கு மூன்றும் 7 விநாடிக்கு நான்கும் வேண்டும்.

```
+914612000000,,,1,,,,214
```

இங்கே 0461 என்பது +91461 ஆகியிருக்கிறது. எஸ்டிடி கோடின் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +91 சேர்த்தால், ஏரலில் இருந்தும் அழைக்கலாம், துபாயில் இருக்கும் மகனும் அதே கான்டாக்டில் இருந்து அழைக்கலாம்.

மெனு 2 விநாடி என்று சொன்னாலும், சில ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு காற்புள்ளிக்கு 3 விநாடி ஆகிறது. அப்படியானால் மேலே உள்ள எண்ணில் 9 விநாடியும் 12 விநாடியும் கழியும். அறிவிப்பு முடிந்து 4, 5 விநாடி அமைதி, பிறகு மெனு முதலிலிருந்து தொடங்குகிறது என்றால், பீப் தாமதமாகப் போகிறது என்று பொருள். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு காற்புள்ளியைக் குறைத்து `,,1,,,214` ஆக்கினால் 6, 9 விநாடி. அது போதும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குரல் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் பீப் சத்தம் கேட்டு, அது கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டே இருந்தால், இலக்கங்கள் சீக்கிரம் போய்விட்டன. சில மெஷின்கள் பாதியில் கேட்கத் தொடங்கி, 214-இல் 14-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு “தவறான எண்” என்று சொல்லும். அப்போது ஒரு காற்புள்ளியைக் கூட்டுங்கள். அறிவிப்பு முடியும் முன்பே அழுத்தினாலும் ஏற்றுக்கொள்ளும் மெஷின்களும் உண்டு. கையால் ஒருமுறை முன்கூட்டியே அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படியானால் ஓரிரு காற்புள்ளியே போதும்.

எப்போது வெயிட் நல்லது?

அறிவிப்பின் நீளம் மாறாத இடத்துக்கு பாஸ் சரி. பண்டிகை வாழ்த்து, விடுமுறை அறிவிப்பு என்று நீளம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்திலும், சில நேரம் மெஷினுக்குப் பதில் ஆபரேட்டரே எடுக்கும் இடத்திலும் வெயிட்தான் பாதுகாப்பு. ஆபரேட்டர் “வணக்கம், சொல்லுங்க” என்னும்போது அவர் காதில் பீப் பீப் என்று விழாது. நம் உதாரணம் இப்படி ஆகும்:

```
+914612000000;1;214
```

இரண்டையும் கலக்கவும் செய்யலாம். ஆனால் திரையைப் பார்த்துத் தட்டச் சிரமப்படும் பெரியவர்களுக்கு, நேரம் பார்த்துச் சரிசெய்த பாஸ் எண்ணே வசதி.

பெயர் எப்படிப் போடுவது?

எக்ஸ்டென்ஷன் பெரும்பாலும் மேசைக்கு உரியது, ஆளுக்கு உரியதல்ல. அதிகாரி மாறுதலாகிப் போனாலும் 214 அங்கேயே இருக்கும். ஆகவே கான்டாக்ட் பெயரில் அலுவலகத்தையும் பிரிவையும் போடுங்கள். ஆளின் பெயரைக் குறிப்புப் பகுதியில் எழுதினால் மாற்றுவது எளிது. அதே கான்டாக்டில் இரண்டாவது எண்ணாக வெறும் போர்டு நம்பரையும் வையுங்கள். மெனு மாறிவிட்டால் அது கைகொடுக்கும்.

அலுவலகத்தில் இருந்து திரும்ப அழைக்கும்போது திரையில் தெரிவது 214 அல்ல. காலியாக இருந்த ஏதோ ஒரு லைனின் எண்தான். அதற்குத் திருப்பி அடித்தால் மீண்டும் போர்டுக்குத்தான் போகும். பேசியவரிடம் “சார், எக்ஸ்டென்ஷன் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை: போன் பேங்கிங் மெனுவுக்கு இந்த வசதியில் பின் நம்பரையோ கார்டு எண்ணையோ சேர்த்துச் சேமிக்கக் கூடாது. போனை எடுத்துப் பார்க்கும் யாருக்கும் அது தெரியும். மொழித் தேர்வு, சேவைத் தேர்வு வரை சேமித்து, ரகசிய எண்ணைக் கையால் அழுத்துங்கள்.

அவசரத்துக்கு இது வழியல்ல

போர்டு நம்பர் அலுவலகத்தில் கரன்ட்டும் ஆளும் இருக்கும் வரைதான் பயன்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, ஏரல் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மின்சாரமும் செல்போன் சிக்னலும் பல இடங்களில் போய்விட்டன. சிக்னல் இருந்தாலும், அந்த நேரத்தில் மெனு கேட்டு எக்ஸ்டென்ஷன் அழுத்த முடியாது. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெளி மாவட்டத்தில் இருந்து உறவினர்கள் தூத்துக்குடி கட்டுப்பாட்டு அறையை அழைக்க 0461 1077 என்று எஸ்டிடி கோடு சேர்க்க வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. இவற்றுக்கு பாஸும் வேண்டாம், வெயிட்டும் வேண்டாம். தனிக் கான்டாக்டாகப் போட்டுவையுங்கள்.

மற்ற எண்களைச் சேமித்த கையோடு, அலுவலக நேரத்தில் ஒரு தடவை அழைத்துச் சோதித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சோதித்தால், எக்ஸ்டென்ஷன் சரியாகப் போயும் மேசையில் ஆள் இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். காற்புள்ளியில்தான் தப்பு என்று நினைத்து மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.