எந்த ஆண்டிலிருந்து பச்சை?

சகாராவின் தெற்கு விளிம்பில், செனகல் முதல் சூடான் வரை நீளும் வறண்ட நிலம் சஹேல். 1970களிலும் 80களிலும் பஞ்சத்துக்குப் பேர்போன இடம். பாலைவனம் அதை விழுங்கிக்கொண்டே போகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் 1980களின் தொடக்கத்திலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களை வரிசையாக வைத்துக் கணக்கிட்டபோது, பெரும்பகுதி பசுமையாகி வந்திருப்பது தெரிந்தது.

அந்தக் கணக்கு ஒன்றும் பெரிய மர்மமில்லை. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது NDVI என்கிற தாவரக் குறியீடு. வெறும் மண்ணில் அது 0.1 அளவில் நிற்கும், அடர்ந்த காட்டில் 0.8 வரை போகும். பழைய படங்களில் ஒரு பிக்சல் என்பது ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சதுரம். ஒவ்வொரு பிக்சலுக்கும் மழைக்கால மாதங்களின் சராசரியை எடுத்து, ஆண்டுக்கு ஓர் எண் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த எண் ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பதே சாய்வு. ஏறினால் வரைபடத்தில் பச்சை, இறங்கினால் பழுப்பு.

சிக்கல் மேகத்தில் இருக்கிறது. ஒரு பிக்சலின் நான்கு ஆண்டு எண்கள் 0.20, 0.21, 0.15, 0.23 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது, மேகம் மறைத்ததால் குறைந்துபோனது. பள்ளியில் படித்த முறைப்படி எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்த ஒரே கோடு போட்டால், ஏற்றம் ஆண்டுக்கு வெறும் 0.003. ஒரு கெட்ட ஆண்டு மொத்தத்தையும் இழுத்துவிட்டது. அதனால் பலரும் தீல்–சென் முறைக்குப் போகிறார்கள். ஆண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒவ்வொரு ஜோடிக்கும் சாய்வு கண்டு, வரும் ஆறு விடைகளையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது. இங்கே அது 0.01. மேகம் ஏமாற்றவில்லை.

மேகத்தை இப்படிச் சமாளித்துவிடலாம். தொடக்க ஆண்டைச் சமாளிக்க முடியாது. சஹேலில் கணக்கு தொடங்குவதே கடும் வறட்சியில். 1984 மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. அடிமட்டத்தில் தொடங்கும் கோடு மேலேதானே போகும்? மழை மீண்டதை மண் மீண்டதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. எனவே, பெய்த மழைக்கு எவ்வளவு பச்சை வரவேண்டுமோ அதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சாய்வு பார்ப்பவர்களும் உண்டு. தொடக்க ஆண்டைச் சொல்லாத பச்சை வரைபடத்தை நான் நம்புவதில்லை.

ஒரே மழைப்பட்டையிலும் எல்லா இடமும் ஒன்றுபோல் இல்லை. மாலியின் கூர்மா மேய்ச்சல் நிலம் பச்சையாக, நைஜரில் பயிர்நிலம் மிகுந்த ஃபகாரா பழுத்தது. பச்சை என்று வந்தாலும் எது முளைத்தது என்பதைக் குறியீடு சொல்லாது. மத்திய செனகலில் பசுமையான பிக்சல்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள். மரவகைகள் குறைந்து, வறட்சி தாங்கும் புதர்கள் பெருகியிருந்தன.