பத்தரை மணி பரோட்டாவும் இடப்பக்கப் படுக்கையும்

ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டவர், இரவு பத்து மணிக்குக் கடை சாத்தும்வரை டீயோடு ஓட்டுகிறார். பத்தரைக்கு நான்கு பரோட்டா, காரமான சால்னா, கூடவே ஒரு ஆம்லெட். பதினொரு மணிக்குப் படுக்கை. ஒரு மணி வாக்கில் நெஞ்சுக்குழியில் எரிச்சலும் தொண்டையில் புளித்த தண்ணீருமாக எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே நடந்தது இதுதான். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. வயிறு முட்டச் சாப்பிட்டால் இரைப்பை விரிந்து, அந்தத் தசை அவ்வப்போது தானாகவே தளர்ந்துவிடும். திட உணவு இரைப்பையைவிட்டு இறங்க ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். எண்ணெய் அதிகமென்றால் இன்னும் தாமதமாகும். ஆக, நம் ஆள் படுக்கும்போது பரோட்டா அப்படியே உள்ளே இருக்கிறது, அமிலமும் சுரந்துகொண்டிருக்கிறது. நிமிர்ந்திருந்தால் மேலே வந்த அமிலம் தானாக இறங்கிவிடும். விழித்திருக்கும்போது நாம் விழுங்கும் எச்சிலும் அதைக் கழுவிவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பு அடங்கிவிடுகிறது, விழுங்குவதும் அபூர்வம். அதனால்தான் பகலில் சில நிமிடங்களில் போய்விடும் எரிச்சல் இரவில் நீடிக்கிறது.

பழி முழுவதையும் காரத்தின் மேல் போட்டுவிடுகிறோம். மிளகாயின் காரப்பொருள், உணவுக்குழாயின் சுவரில் சூட்டையும் எரிச்சலையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. ஏற்கெனவே அமிலம் பட்டுப் புண்ணான இடத்தில் எரிச்சல் இரட்டிப்பாகத் தெரிகிறது. காரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது என்பதும் இல்லை. என்னைக் கேட்டால், சால்னாவை விட்டுவிட்டு அதே பத்தரை மணிக்கு வயிறு நிறையச் சாப்பிடுவதைவிட, நேரத்தையும் அளவையும் மாற்றுவதுதான் முதல் வேலை. கடையில் ஏழு, ஏழரைக்குக் கிடைக்கும் சின்ன இடைவேளையில் நான்கு இட்லியோ கட்டிக்கொண்டு வந்த சாதமோ சாப்பிட்டுவிட்டால், அதுவே இரவுச் சாப்பாடு. வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் இடியாப்பமோ போதும். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும்.

அடுத்தது படுக்கை. இரைப்பை வயிற்றின் இடப்பக்கம் தொங்குகிறது. உணவுக்குழாய் அதன் மேல்பகுதியில், வலப்புற ஓரமாகச் சேர்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் இரைப்பையின் பள்ளத்தில் தேங்கும், வாசல் அதற்கு மேலே இருக்கும். வலப்பக்கம் திரும்பினால் வாசல் கீழே போய்விடும். பாதி நிறைந்த சொம்பை வாய் தாழச் சாய்த்ததுபோல. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022-ல், தூங்குபவர்களின் உணவுக்குழாயில் மெல்லிய குழாய் வைத்து இதை அளந்தார்கள். அமிலம் மேலே வருவது எந்தப் பக்கம் படுத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் இடப்பக்கம் படுத்தபோது அது மற்ற நிலைகளைவிட வேகமாக வடிந்தது. தூக்கத்தில் புரளாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அண்டக் கொடுத்து, இன்னொன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

தலைக்கு மூன்று தலையணை அடுக்குவது மட்டும் வேண்டாம். கழுத்து மடங்கி, இடுப்பு வளைந்து, வயிறு அழுந்தும். அமிலம் இன்னும் மேலே ஏறும். உயர வேண்டியது மார்பும் சேர்ந்து. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள மரக்கட்டை வையுங்கள். கால் நழுவாமலிருக்க, கட்டையின் நடுவில் குழி வெட்டித் தரச் சொல்லித் தச்சரிடம் கேட்கலாம். பாயில் படுப்பவர்கள், இடுப்பிலிருந்து தலைவரை சாய்வாக உயரும்படி மெத்தை விரிப்புகளை மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

படுக்கப்போகும்போது ஒரு டம்ளர் பால் குடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும், பிறகு இரைப்பை மறுபடி அமிலம் சுரக்கும். கடையில் வாங்கும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளும் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். எரியும்போது போட்டால் உடனே அடங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் அவற்றை நம்பி ஓட்ட வேண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது சாப்பாடு அடைத்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும், மலம் தார்போல் கறுத்தாலும், வாந்தியில் ரத்தம் வந்தாலும் தாமதிக்கவே கூடாது. நெஞ்சு வலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ வந்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை ‘வாயு’ என்று நினைத்துச் சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.