கட்டை விரல் சொன்ன சம்மதம்

கைத்தொலைபேசியில் நடந்த சம்பாஷணையை ஸ்கிரீன்ஷாட்டாகப் படம் பிடித்து, "இதற்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள்" என்று பிறரிடம் நீட்டுவது இப்போது வீடுதோறும் நடக்கிறது. படத்தில் இருப்பது பெரும்பாலும் 'சரி' என்ற ஒற்றைச் சொல். அல்லது கட்டை விரலை உயர்த்திக் காட்டும் எமோஜிப் பொம்மை. சம்மதமா, கோபமா, அலட்சியமா என்று குடும்பமே கூடி ஆராய்கிறது. கனடா தேசத்திலோ இப்படிப்பட்ட ஒரு கட்டை விரலை நியாயஸ்தலமே ஆராய நேர்ந்தது.

2021 மார்ச்சில், ஸஸ்காச்சுவான் மாகாணத்துத் தானியக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி ஒப்பந்தம் ஒன்று எழுதினார். விவசாயி ஒருவர் 87 டன் ஆளி விதையை, புஷலுக்கு 17 டாலர் வீதம், நவம்பரில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாம் கையொப்பமிட்ட தாளைப் படமெடுத்து அனுப்பி, ஒப்பந்தத்தை உறுதி செய்யும்படி கேட்டார். பதிலாக வந்தது ஒரு கட்டை விரல். நவம்பரில் விலை 41 டாலருக்கு ஏறிவிட்டது. விதை வந்து சேரவில்லை.

தாள் கிடைத்தது என்பதையே விரல் குறித்தது, நிபந்தனைகளுக்குச் சம்மதம் தரவில்லை என்பது விவசாயியின் கட்சி. அந்த ஒரு படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தள்ளத்தக்க வாதமாகத் தோன்றாது. ஆனால் நீதிபதி அதற்கு மேலே இருந்தவற்றையும் பார்த்தார். முன்பும் இவ்விதமே ஒப்பந்தப் படங்கள் வந்திருந்தன. விவசாயி 'ஓகே' என்றும் 'ஆமாம்' என்றும் ஓரிரு சொல்லில் பதில் எழுதித் தானியத்தையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தார். அவரிடம் கேட்டதும் "கிடைத்ததா?" என்றல்ல, "உறுதி செய்க" என்றே. ஆகவே விரலும் அந்த வரிசையில் இன்னொரு 'ஓகே'தான் என்று 2023ல் தீர்ப்பாயிற்று. நஷ்டஈடு சுமார் 82,200 கனடா டாலர்! 2024 டிசம்பரில் அப்பீல் நீதிமன்றமும் அதை ஆமோதித்தது; மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

நம் வீட்டு ஸ்கிரீன்ஷாட்டில் அறுபட்டுப் போவது இந்த மேற்பகுதியே. "தீபாவளிக்கு வருகிறீர்களா?" என்று மாமியார் கேட்கிறார்; மாப்பிள்ளை 'சரி' என்கிறார். விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். சென்ற வருஷமும் பொங்கலுக்கும் அதே 'சரி'யை எழுதிவிட்டு முதல் ரயிலிலேயே வந்திறங்கியவரானால், அது அவருடைய வழக்கமான பாஷை. எப்போதும் நான்கு வரி எழுதி, குழந்தையின் படமும் அனுப்புகிறவர் இன்று ஒரே சொல்லில் நிறுத்தினாரென்றால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது. பதில் வந்த மணியையும் பாருங்கள். ஆபீஸ் நேரமாயிருந்தால் அதுவே காரணமாகலாம்.

இவ்வளவும் பார்த்தால் மாறுதல் உண்டா இல்லையா என்பது தெரியும். என்ன மாறுதல் என்பதை, எத்தனை பேர் கூடி அந்தப் படத்தைப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டும்.